ஒரு வருஷம் காத்திருந்த அட்மிஷனை ‘வேண்டாம்’னு சொல்லணுமா? ஆறு வரி மெயில் போதும்!

அமெரிக்காவில் பிஹெச்.டி சீட், கூடவே ஃபெலோஷிப். 2025 மார்ச்சில் ஆஃபர் லெட்டர் வந்தது. ‘வர்றேன்’னு சம்மதமும் சொல்லியாச்சு. ஆனா, விசா இன்டர்வியூவுக்குத் தேதி கிடைக்காததால் அந்த ஆகஸ்ட்டில் கிளம்ப முடியலை. பல்கலைக்கழகம் சீட்டை 2026 ஆகஸ்ட்டுக்குத் தள்ளிவெச்சுக் கொடுத்தது. இடையில் இங்கேயே ஒரு நல்ல வாய்ப்பு அமைஞ்சிடுச்சு. இப்போ அந்த சீட் வேண்டாம். இதை அங்கே எப்படிச் சொல்றது?

இப்படி ஒரு சூழ்நிலை பலருக்கும் வந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. 2025 மே 27 அன்று, மாணவர் விசாவுக்குப் புதிய இன்டர்வியூ தேதிகள் கொடுக்கிறதை நிறுத்தச் சொல்லி அமெரிக்க வெளியுறவுத்துறை தன் தூதரகங்களுக்கு உத்தரவு போட்டது. ஜூன் 18-ல் மறுபடியும் திறந்தாங்க. கூடவே, விண்ணப்பிக்கிறவங்க சோஷியல் மீடியா கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வெச்சிருக்கணும்னு புது நிபந்தனையும் வந்தது. ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பிக்கிறவங்க ஸ்லாட் தேடுற நேரமே அந்த மே, ஜூன்தான். தேதி கிடைக்காதவங்களுக்கு இருந்த ஒரே வழி, அட்மிஷனைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கிறது. அதைத்தான் ‘டெஃபர்’ பண்றதுன்னு சொல்றோம்.

இப்படி இழுத்துக்கிட்டே போன ஒரு விஷயத்துக்கு ‘நோ’ சொல்றது, புதுசா வந்த ஆஃபருக்கு ‘நோ’ சொல்றதைவிட கஷ்டம். ‘ஒரு வருஷம் நமக்காக இடத்தைப் பிடிச்சு வெச்சிருந்தாங்களே’ன்னு ஒரு குற்ற உணர்வு. ‘நாமளும் ஒரு வருஷத்தைத் தொலைச்சோமே’ன்னு ஒரு கோபம். இந்த ரெண்டும் சேர்ந்தா, ஒண்ணு பக்கம் பக்கமா லெட்டர் எழுதுவோம், இல்லைன்னா எதுவுமே எழுதாம நாளைக் கடத்துவோம். ரெண்டுமே வேண்டாம். தெளிவா, சுருக்கமா, சீக்கிரமா ஒரு மெயில். அது ஏன், எப்படின்னு பார்க்கலாம்.

உங்க சீட் அங்கே என்ன நிலைமையில இருக்கு?

டெஃபர் பண்ணின சீட் சும்மா ஒரு பேப்பரில் எழுதிவெச்ச பெயர்னு நினைச்சுடாதீங்க. பிஹெச்.டி துறைகள் ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேரைச் சேர்க்கலாம்னு கையில் இருக்கிற பணத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணும். ஒரு மாணவரைச் சேர்த்தா நாலஞ்சு வருஷத்துக்கு அவங்க கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் துறையின் பொறுப்பு.

ஒரு துறை 2026-க்கு எட்டு பேரை எடுக்கலாம்னு திட்டமிடுதுன்னு வெச்சுக்குங்க. அதில் ஒரு இடம் ஏற்கெனவே உங்களுக்கு. அப்போ புதுசா ஏழு இடம்தான் மிச்சம். நீங்க வாய் திறந்து சொல்ற வரைக்கும் அந்த எட்டாவது இடத்துக்கு வேற யாரையும் அவங்க யோசிக்கவே மாட்டாங்க. ஏன்னா, அவங்க கணக்குல நீங்க ‘வர்றேன்’னு சொன்ன ஆள்.

அதனால, ‘வேண்டாம்’னு எப்போ சொல்றீங்க என்பதைப் பொறுத்து அந்த இடத்தின் கதியே மாறும். அங்கே பெரும்பாலான பிஹெச்.டி விண்ணப்பங்களுக்கு டிசம்பர்தான் கடைசி. ஜனவரி, பிப்ரவரியில் பரிசீலனையும் இன்டர்வியூவும் நடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஆஃபர்கள் கிளம்பும். நீங்க ஜனவரியிலேயே சொல்லிட்டா, அவங்க ஏழுக்குப் பதிலா எட்டு இடத்துக்குத் திட்டமிடலாம். யாரோ ஒருத்தருக்கு முதல் சுற்றிலேயே ஆஃபர் போகும்.

அதைத் தவறவிட்டா அடுத்த முக்கியமான தேதி ஏப்ரல் 15. அமெரிக்காவின் ‘கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்’ என்ற அமைப்பில் ஒரு தீர்மானம் இருக்கு. அதில் கையெழுத்துப் போட்டிருக்கிற பல்கலைக்கழகங்கள், ஃபெலோஷிப் மாதிரியான நிதியுதவி ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன்னாடி பதில் சொல்லச் சொல்லி மாணவர்களை நெருக்கக் கூடாது. அதனால, பலர் அந்தத் தேதிக்குப் பக்கத்தில்தான் முடிவைச் சொல்வாங்க. காத்திருப்போர் பட்டியல் நகர்றதும் அந்த வாரங்களில்தான்.

டெஃபர் பண்ணின நீங்க போன வருஷமே சம்மதம் சொன்னவங்க. அதனால இந்தத் தேதி உங்களுக்கான கெடு இல்லை. ஆனா, உங்க இடம் இன்னொருத்தருக்குப் போய்ச் சேரணும்னா அதுக்கு நல்லா முன்னாடியே உங்க மெயில் போகணும். மே, ஜூன்ல சொன்னா, பட்டியல்ல இருந்தவங்க வேற இடத்துல சேர்ந்திருப்பாங்க. அப்படியே ஒருத்தர் கிடைச்சாலும், அவர் வெளிநாட்டுக்காரர்னா ஐ-20 படிவம், விசா இன்டர்வியூ எல்லாத்தையும் ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கணும். போன வருஷம் உங்களுக்கே முடியாமப் போன அதே ஓட்டம்!

மெயில் எழுதறதுக்கு முன்னாடி

டெஃபர் பண்ணின அட்மிஷனை வேண்டாம்னு சொல்லிட்டா, பொதுவா அதைத் திரும்ப வாங்க முடியாது. மறுபடியும் வேணும்னா புது விண்ணப்பம், புதுக் கட்டணம், புதுப் போட்டி. அதனால, அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேப்பரை எடுத்து நிதானமா படிச்சுடுங்க.

முதல் பேப்பர், புதுசா கிடைச்ச வாய்ப்பின் கடிதம். ‘உனக்குத்தான்பா சீட்’னு போன்ல சொன்னதெல்லாம் கணக்கில்லை. எழுத்துல வந்திருக்கணும். சேர வேண்டிய தேதி, மாசம் எவ்வளவு, எந்த நிபந்தனை நிறைவேறினா உறுதியாகும்னு அதில் இருக்கணும். ‘சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்பட்டது’ மாதிரி ஏதாவது பாக்கி இருந்தா அதையும் முடிச்சுடுங்க.

ரெண்டாவது பேப்பர், டெஃபர் பண்ணினப்போ அவங்க அனுப்பின கடிதம். போன வருஷம் அவசரத்துல ‘அப்பாடா’ன்னு மூடிவெச்ச அந்த மெயிலை இப்போ முழுசா படிங்க. அதில் ரெண்டு விஷயத்தைத் தேடுங்க. அட்மிஷனோட சேர்த்து ஃபெலோஷிப்பும் தள்ளிவைக்கப்பட்டதா, இல்லை சீட் மட்டும்தானா? பல இடங்களில் சீட் மட்டும்தான் தள்ளிப்போகும். பண உதவியை அடுத்த வருஷம் புதுசா பரிசீலிப்பாங்க. அப்படி இருந்தா நீங்க ‘விட்டுக்கொடுக்கிறேன்’னு நினைக்கிற ஃபெலோஷிப் உங்க கையிலேயே இல்லைன்னு அர்த்தம். முடிவு எடுக்க இது ரொம்பவே உதவும்.

இன்னொண்ணு, ‘இந்த ஒரு வருஷத்தில் வேறு எந்தப் பட்டப்படிப்பிலும் சேரக் கூடாது’ என்ற நிபந்தனை. டெஃபர் கடிதங்களில் இது சாதாரணமா இருக்கும். வேலைக்குப் போகலாம், லேப்ல புராஜெக்ட் பண்ணலாம். ஆனா, வேற இடத்துல பிஹெச்.டி சேர்ந்துட்டா அந்த டெஃபர் செல்லாது. இந்த வரி உங்க கடிதத்தில் இருந்தா, உங்க கெடு ஏப்ரல் இல்லை. புது இடத்துல சேர்ற நாள். அதுக்குள்ள மெயில் போயிருக்கணும்.

திருச்சிப் பொண்ணு ஒருத்தியின் கணக்கு

ஒரு உதாரணத்தை வெச்சு முழுசாப் பார்த்துடுவோம். திருச்சியில் எம்.எஸ்ஸி முடிச்ச ஒரு பொண்ணு. அவளுக்கு 2025 மார்ச்சில் ஆஃபர், ஜூலையில் டெஃபர். சும்மா இருக்க வேண்டாம்னு பெங்களூரில் ஒரு லேப்ல வேலைக்குச் சேர்றா. நடுவுல நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப் கிடைக்குது. முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. டிசம்பர் மாசம் அதே ஊரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் பிஹெச்.டி சீட் எழுத்துல வருது. ஜனவரி முதல் வாரம் சேரணும்.

அவ எழுதின முதல் டிராஃப்ட் நாலு பத்தி. முதல் பத்தியில் விசா ஸ்லாட்டுக்காக எத்தனை ராத்திரி கண்முழிச்சான்னு கதை. ரெண்டாவதுல அம்மா உடம்பு சரியில்லாதது. மூணாவதுல பெங்களூர் லேப் எவ்வளவு நல்லா இருக்குன்னு விளக்கம். கடைசியா, ‘இப்போதைக்கு என்னால் வர முடியாத சூழல் இருக்கிறது. தங்கள் புரிதலை வேண்டுகிறேன்’னு ஒரு முடிவு.

இதுல என்ன பிரச்னைன்னா, அவ வேண்டாம்னு சொல்லவே இல்லை! ‘இப்போதைக்கு வர முடியாது’ன்னு படிச்ச ஆபீஸ்காரங்க, ‘இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போடக் கேட்கிறாங்களோ’ன்னு நினைப்பாங்க. உடனே ‘மறுபடி டெஃபர் வேணும்னா இந்த ஃபார்மை நிரப்புங்க’ன்னு பதில் வரும். இல்லைன்னா, அம்மா உடம்பு சரியில்லைன்னு படிச்சுட்டு, ‘ஆகஸ்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கே, பொறுமையா சொல்லுங்க’ன்னு ஆறுதல் சொல்வாங்க. ரெண்டு வழியிலும் சீட் அவ பெயரிலேயே கிடக்கும்.

விசா கதையும் அங்கே தேவையில்லை. அந்த மெயிலைப் படிக்கிறவர் பெரும்பாலும் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டர். உங்க டெஃபரை அவர்தான் பதிவு பண்ணியிருப்பார். என்ன நடந்ததுன்னு அவர் ஃபைல்லயே இருக்கு. விசாவை நிறுத்தினதும் அவர் இல்லை. அவருக்கு இப்போ வேண்டியது ஒரே ஒரு தகவல்: வர்றீங்களா, இல்லையா?

நாலு பத்தியும் ஆறு வரியா சுருங்கினதும் மெயில் இப்படி ஆச்சு. மெயில் ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இது:

*பொருள்: 2026 ஃபால் அட்மிஷனை மறுப்பது – பெயர், விண்ணப்ப எண்*

*அன்புள்ள (கோஆர்டினேட்டரின் பெயர்),*

*2026 ஃபால் பருவத்துக்குத் தள்ளிவைக்கப்பட்ட என் பிஹெச்.டி அட்மிஷனையும், அதோடு வழங்கப்பட்ட ஃபெலோஷிப்பையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நான் முன்பு தெரிவித்த சம்மதத்தை இந்த மெயிலின் மூலம் திரும்பப் பெறுகிறேன். இந்தியாவிலேயே ஒரு பிஹெச்.டி படிப்பில் சேருகிறேன். விசா தாமதமானபோது செய்த உதவிக்கும், ஒரு வருடம் என் இடத்தை வைத்திருந்ததற்கும் நன்றி. என் ஐ-20 பதிவை முடிக்க நான் செய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். இந்த மெயில் கிடைத்ததை உறுதிசெய்தால் உதவியாக இருக்கும்.*

*இப்படிக்கு, (முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி)*

அவ்வளவுதான். மொபைலில் ஸ்க்ரோல் பண்ணாமலே படிச்சு முடிக்கலாம்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை

சப்ஜெக்ட் லைனைப் பாருங்க. பெயர், விண்ணப்ப எண், எந்தப் பருவம், என்ன முடிவுன்னு அதிலேயே இருக்கு. மெயிலைத் திறக்கிறதுக்கு முன்னாடியே விஷயம் புரிஞ்சிடும். ‘ஒரு முக்கிய விஷயம்’னு மொட்டையா வெச்சா, நூறு மெயிலுக்கு நடுவுல அது காணாமப் போகும்.

முதல் வரியிலேயே முடிவு வந்துடுது. ஆங்கிலத்தில் இதுக்குச் சரியான வார்த்தை ‘டிக்லைன்’. ‘அனேபிள் டு ஜாயின் அட் திஸ் டைம்’ மாதிரி எழுதாதீங்க. மேலே பார்த்த குழப்பமெல்லாம் அந்த ‘அட் திஸ் டைம்’ல இருந்துதான் கிளம்பும். ‘ஐ ஹேவ் டிசைடட் டு டிக்லைன்’னு நேரா எழுதறது அவங்க ஊர் வழக்கத்தில் மரியாதைக் குறைவு இல்லை. நம்ம ஊரில் முகத்துக்கு நேரா ‘வேண்டாம்’னு சொல்லக் கூச்சப்படுவோம், ‘பார்க்கலாம் சார்’னு சொல்லி நழுவுவோம். அந்தப் பழக்கம் ஆபீஸ் மெயிலுக்கு ஒத்துவராது.

ரெண்டாவது வரி எதுக்குன்னு தோணலாம். புதுசா வந்த ஆஃபரை மறுக்கிறது ‘டிக்லைன்’. ஏற்கெனவே சம்மதம் சொன்ன பிறகு விலகுறது ‘வித்ட்ரா’. டெஃபர் பண்ணின நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கீங்க. சில ஆபீஸ்கள் உங்களை ஆஃபர் கையில் இருக்கிறவரா பார்க்கும். சில ஆபீஸ்கள் சேர்றதா ஒத்துக்கிட்ட மாணவரா பதிவு பண்ணியிருக்கும். ரெண்டையும் ஒரு தடவை சொல்லிட்டா, எந்தப் பதிவா இருந்தாலும் அவங்க மூட முடியும். ஃபெலோஷிப்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்க. ஏன்னா சீட் ஒரு ஆபீஸ்லயும் ஃபெலோஷிப் இன்னொரு ஆபீஸ்லயும் இருக்கலாம்.

காரணத்துக்கு ஒரே ஒரு வரி. அதுவும் கட்டாயம் இல்லை. சொன்னா அவங்க பதிவுக்கு உதவும். சொல்றதா இருந்தா உண்மையைச் சொல்லுங்க. ஆராய்ச்சி உலகம் சின்னது. ‘குடும்பச் சூழ்நிலை’ன்னு எழுதிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மாநாட்டில் இன்னொரு லேபின் பெயரோட போஸ்டர் முன்னாடி நீங்க நிற்கும்போது அதே பேராசிரியர் எதிரே வரலாம். சொல்ல விருப்பம் இல்லைன்னா அந்த வரியையே எடுத்துடுங்க. பொய்யால நிரப்ப வேண்டாம்.

நன்றி வரியில் மட்டும் கொஞ்சம் உங்களைக் காட்டலாம். ‘எல்லா உதவிக்கும் நன்றி’ன்னு பொதுவா விடாம, உங்களுக்காக அவங்க செஞ்ச ஒரு குறிப்பான காரியத்தைச் சொல்லுங்க. ஐ-20-ஐ ரெண்டு நாள்ல திருத்தி அனுப்பினாங்களா? அதைச் சொல்லுங்க. மன்னிப்பு கேட்கணும்னு அவசியம் இல்லை. மறுக்கிற உரிமை ஆஃபரோட கூடவே வர்றதுதான்.

கோபம் இருக்கா? அவங்க பக்கமே தாமதம் நடந்திருக்கலாம். மாசக்கணக்கா பதிலே வராம இருந்திருக்கலாம். அதை இந்த மெயில்ல கலக்காதீங்க. புகாரும் மறுப்பும் ஒரே மெயில்ல இருந்தா, அது புகாரைக் கவனிக்கிற இடத்துக்குப் போகும். மறுப்பு பதிவாகாமத் தொங்கும். புகார் சொல்லணும்னா, மறுப்பு பதிவானதுக்கு அப்புறம் தனி மெயில் அனுப்பலாம். டெபாசிட் பணத்தைத் திருப்பிக் கேட்கிறதும் அப்படித்தான், தனியா கேளுங்க. பல இடங்களில் அந்த டெபாசிட் திரும்ப வராது. டெஃபர் கடிதத்திலோ கட்டின ரசீதிலோ அந்த விதி இருக்கும்.

யாருக்கு முதல்ல?

உங்களைத் தன் லேபுக்கு எடுத்துக்கிறேன்னு ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தா, ஆபீஸுக்கு அனுப்புறதுக்கு ஒரு நாள் முன்னாடி அவருக்குத் தனியா எழுதுங்க. ஆபீஸ் சொல்லித்தான் அவருக்குத் தெரியணும்னு விடாதீங்க. உங்க சம்பளத்துக்குன்னு அவர் தன் கிராண்ட்டில் பணம் ஒதுக்கியிருக்கலாம். உங்களை நம்பி வேற மாணவரை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அவருக்கு எழுதறது மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கலாம். எந்தத் தலைப்பில் இங்கே வேலை செய்யப் போறீங்கன்னு ரெண்டு வரி எழுதினா, பின்னாடி சேர்ந்து வேலை செய்யவும் வழி இருக்கும்.

ஆனா, பேராசிரியருக்குச் சொன்னதே போதும்னு நினைக்கிறதுதான் அதிகமா சறுக்குற இடம். ‘ஆல் தி பெஸ்ட்’னு அவர் அன்பா பதில் போடுவார். உங்க சீட்டை மூடுறது அவர் வேலை இல்லை. ஆபீஸுக்கு அவர் சொல்வார்னு நீங்க நினைப்பீங்க, நீங்க சொல்வீங்கன்னு அவர் நினைப்பார். ஏப்ரல் போயிடும்.

ஆபீஸ் மெயில் துறையின் கோஆர்டினேட்டருக்குப் போகட்டும். காப்பியில் கிராஜுவேட் ஸ்கூலின் அட்மிஷன் ஆபீஸையும், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் சேர்த்துக்குங்க. முடிஞ்சா, டெஃபர் கொடுத்த பழைய மெயிலுக்கே ரிப்ளையா அனுப்புங்க. முழு வரலாறும் கீழே இருக்கும். விண்ணப்பத்தில் கொடுத்த அதே மெயில் ஐடியிலிருந்துதான் அனுப்பணும். காலேஜ் மெயிலில் விண்ணப்பிச்சு, இப்போ அது மூடிட்டாங்கன்னா, புது ஐடியிலிருந்து விண்ணப்ப எண்ணோட அந்த விவரத்தையும் ஒரு வரி சொல்லுங்க. உங்க பெயரில் வேற யாரும் சீட்டை ரத்து பண்ணிடக் கூடாதுன்னு அவங்க சரிபார்க்கத்தான் செய்வாங்க.

மெயிலோட முடியலை!

நிறைய பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிச்ச போர்ட்டலில் முடிவைச் சொல்ற படிவம் ஒண்ணு இருக்கும். மெயில் அனுப்பின கையோட அதுலயும் உள்ளே போய்ப் பாருங்க. டெஃபர் பண்ணினவங்களுக்குச் சில நேரம் அந்தப் படிவம் மூடியிருக்கும், இல்லைன்னா ‘சம்மதம் சொல்லிட்டீங்க’ன்னு மட்டும் காட்டும். அப்படின்னா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோஆர்டினேட்டருக்கு அனுப்பிக் கேளுங்க.

அடுத்தது ஐ-20. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கிற படிவம் இது. இது வெறும் காகிதம் இல்லை. அமெரிக்க அரசின் ‘செவிஸ்’ என்ற கணினிப் பதிவில் உங்க பெயரில் ஒரு கணக்கு திறந்திருக்கு. நீங்க வரலைன்னா அதை ரத்து பண்ண வேண்டியது அங்கேயுள்ள வெளிநாட்டு மாணவர் அதிகாரி. நீங்க சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். அமெரிக்காவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நீங்களா சொல்லி ரத்தாகிறது ஒரு சாதாரண நடைமுறை. பின்னாடி வேற பல்கலைக்கழகத்துக்குப் போக நேர்ந்தா, பழைய கணக்கு பாதியில் தொங்காம இருக்கிறது உங்களுக்குத்தான் நிம்மதி.

செவிஸுக்காக 350 டாலர் கட்டியிருப்பீங்க. அது பல்கலைக்கழகத்துக்குப் போன பணம் இல்லை, அரசுக்குப் போனது. மனசு மாறிட்டேன்னு சொன்னா அதைத் திருப்பித் தர மாட்டாங்க. விசா விண்ணப்பக் கட்டணமும் அப்படித்தான். கோஆர்டினேட்டர்கிட்ட இதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

விசா இன்டர்வியூவுக்குத் தேதி பிடிச்சு வெச்சிருந்தா, மறக்காம அதை ரத்து பண்ணுங்க. உங்களுக்குக் கிடைக்காமப் போன அந்த ஸ்லாட், இன்னொருத்தருக்குக் கிடைக்கட்டும். விசாவே அடிச்சு வாங்கிட்டீங்கன்னா, அந்த மாணவர் விசாவை வெச்சு ‘சும்மா சுத்திப் பார்த்துட்டு வரலாம்’னு கிளம்பிடாதீங்க. படிக்கப் போறவங்களுக்கு மட்டுமே அது.

பதில் வந்ததா?

ஒரு வாரம் பாருங்க. பதில் இல்லைன்னா, அதே மெயிலுக்குக் கீழே ‘கிடைத்ததா என உறுதிசெய்ய முடியுமா?’ன்னு ஒரே ஒரு வரி போடுங்க. டிசம்பர் கடைசியில் அனுப்பினா அங்கே ஆபீஸே மூடியிருக்கும். ஜனவரி முதல் வாரம் தாண்டிக் கணக்கு வெச்சுக்குங்க. நம்ம திருச்சிப் பொண்ணு டிசம்பர் நடுவுல கடிதம் வந்த அன்னிக்கே எழுதிட்டா, விடுமுறைக்கு முன்னாடியே விஷயம் முடியும். துறை ஜனவரியில் உட்காரும்போது எட்டு இடமும் கணக்குல இருக்கும்.

சில நேரம் பதில் வேற மாதிரி வரும். ‘எங்கே சேர்றீங்க, ஏன்?’னு ஒரு சின்ன சர்வே அனுப்புவாங்க. அது புள்ளிவிவரத்துக்கு, விருப்பம் இருந்தா நிரப்பலாம். பேராசிரியர் ஒருவேளை, ‘உதவித்தொகையைக் கூட்டித் தரப் பார்க்கிறேன், யோசிச்சுச் சொல்லு’ன்னு எழுதலாம். அங்கேதான் பலரும் தடுமாறுவாங்க. மெயில் அனுப்பும்போதே முடிவு உறுதியா இருந்திருந்தா, ‘உங்கள் அன்புக்கு நன்றி, என் முடிவில் மாற்றம் இல்லை’ன்னு ஒரு வரி போதும். பணம் கூடினா போயிடலாம்னு உள்ளுக்குள்ள ஒரு எண்ணம் இருந்தா, மறுக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கணும். மறுப்பை பேரம் பேசுற கருவியா பயன்படுத்தினா, ‘சரி, நன்றி’ன்னு அவங்க ஃபைலை மூடிடவும் வாய்ப்பு இருக்கு.

‘உங்கள் விண்ணப்பம் மூடப்பட்டது’ என்ற உறுதி மெயில் வந்ததும் அதை பி.டி.எஃப்-ஆக சேவ் பண்ணி, ஆஃபர் லெட்டரும் டெஃபர் கடிதமும் இருக்கிற அதே ஃபோல்டரில் போட்டு வெச்சுக்குங்க. நாளைக்கு போஸ்ட்-டாக்குக்கோ வேற படிப்புக்கோ அதே பல்கலைக்கழகத்துக்கு மறுபடி விண்ணப்பிச்சா, ‘இதற்கு முன் இங்கே விண்ணப்பித்திருக்கிறீர்களா?’ன்னு ஃபார்மில் ஒரு கேள்வி இருக்கலாம். அப்போ அவங்க பழைய ஃபைலைத் திறந்தா, ‘வரேன்னு சொல்லிட்டு வரவே இல்லை’ன்னு இருக்கிறதுக்கும், ‘முன்கூட்டியே தெரிவித்து விலகினார்’னு இருக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.